இல்லாத பன்னிரண்டு மணிப் படகு

நெடுந்தீவில் ஒரு சின்னப் பால் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாட்டுக்காரர்களிடம் பாலை வாங்கித் தயிரும் நெய்யும் ஆக்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் நிறுவனம். பட்டம் முடித்துவிட்டுப் போன எனக்கு அங்கே கிடைத்த வேலை, காலையில் வருகிற பாலை அளந்து கொப்பியில் எழுதுவது. புங்குடுதீவிலிருந்து தினமும் கடல் தாண்டிப் போய் லீற்றர் கணக்கு எழுதுகிறேனே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. அதனால் முகாமையாளரிடம் ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"சேர், பால் அடிக்கடி பழுதாகுது. வெளியால இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒரு கருத்தரங்கு வைச்சால் என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு முறை இருக்கவேண்டும் என்பார்.

"நீரே செய்யும். வடிவாய் நடந்தால் பயிற்சி வேலை முழுக்க உமக்கு. குழம்பினால் பால் கொப்பியோட பேசாமல் இரும். பிறகு ஒண்டும் கேக்கக்கூடாது. என்ன?"

"ஓம் சேர்," என்றேன். ஓம் சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கால்நடை வைத்தியர் இருந்தார். மாட்டு மடி நோய்களில் கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். முகாமையாளர் சொன்ன தலைப்பு: 'கால்நடை வளர்ப்பும் நாளைய சமுதாயமும்'. யாருக்கு என்ற இடத்தில் 'பெருந்திரளான மக்கள்' என்று போட்டேன். கொடுப்பனவு என்ற இடத்தில் 'தகுந்த முறையில் கௌரவிக்கப்படுவீர்கள்'. தொகையை எழுதினால் கடை போட்டதுபோல் இருக்கும் என்றார் முகாமையாளர்.

கடிதம் கிடைத்த மறுநாளே டொக்டர் தொலைபேசியில் வந்தார். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது, ஆனால் கேள்விகள் சுள்ளென்று விழுந்தன.

"பிள்ளை, பெருந்திரள் எண்டால் எத்தினை பேர்?"

"நாப்பது பேர், டொக்டர். எங்கட ஆக்கள் பதினொண்டு, மிச்சம் பால் தாற ஆக்கள்."

"மாடு எத்தினை?"

அதை நான் எண்ணியிருக்கவில்லை.

"சரி, எண்ணிப்போட்டுச் சொல்லும். நாளைய சமுதாயத்துக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை டொக்டர். பால்தான் பழுதாகுது."

"அப்ப அதைப் போடும் தலைப்பா. என்னைக் கௌரவிக்கிறது எண்டால் பொன்னாடையோ, காசோ?"

நான் நாக்கைக் கடித்தேன். அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். தொகையை வெளியில் சொல்வதில் வெட்கமில்லை. சொல்லாமல் விட்டால்தான் இரண்டு பக்கமும் மனத்தாங்கல். அவர் அரசாங்க உத்தியோகத்தர், ஆகவே கடிதம் அவருக்கு நேரே வரக்கூடாது. அவருடைய மேலதிகாரி ஊடாக வரவேண்டும், அப்போதுதான் லீவு எடுத்து வரலாம். எத்தனை நிமிடம் பேசவேண்டும், யார் கேட்கிறார்கள், எந்தப் படகில் வந்து எந்தப் படகில் திரும்புவது, யார் கூட்டிப்போக வருவது, சாப்பாடு உண்டா, கரண்ட் நிற்குமா, எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

"உம்மட கடிதத்தைப் பாத்தால், கடலுக்குள்ள இறங்கி நீந்தி வரச் சொன்ன மாதிரிக் கிடக்கு," என்றார்.

இரண்டாவது கடிதம் எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது. வீடு வீடாய்ப் போய் மாடு எண்ணினேன். தலைப்பு: 'பால் ஏன் பழுதாகிறது?' உரையும் செய்து காட்டலும் தொண்ணூறு நிமிடம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறைக்கு ஒரு வான் வண்டி, காலை எட்டு மணிப் படகு, திரும்பும் படகு பிற்பகல் இரண்டரை. தொகையையும் எழுதி முகாமையாளரிடம் கையொப்பத்துக்கு நீட்டினேன். அந்த வரியில் வந்து அவர் பேனை நின்றது. பிறகு பக்கத்தில் யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல் கையால் மறைத்துக்கொண்டு ஒப்பமிட்டார்.

டொக்டர் சம்மதித்தார். நான் அலுவலகத்துக்குள் ஒரு சுற்றுத் துள்ளினேன்.

அந்தத் துள்ளல் நிகழ்ச்சி நிரல் வரும்வரைதான். அதை முகாமையாளரே தயாரித்திருந்தார். மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்புரை. பிறகு ஐயரின் ஆசியுரை. அவர் பேசினால் பாதரும் பேசவேண்டும், பாதி மாட்டுக்காரர் கத்தோலிக்கர். தலைமையுரை. மாடு வளர்ப்போர் சங்கத் தலைவரின் வாழ்த்துரை, பள்ளிக்கூட அதிபரின் வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல். ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி இவ்வளவும் முடிய நண்பகல் கழிந்துவிடும். சாப்பாட்டுக்கும் படகுக்கும் நடுவில், தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், டொக்டர் வந்து பாலைப் பற்றிப் பேசவேண்டும்.

"சேர், சங்கத் தலைவற்ற வாழ்த்துரையை விடுவமே?"

"விட்டால் நாளைக்குப் பால் வராது."

"அதிபர்?"

"மண்டபம் அவற்ற."

"அப்ப உங்கட தலைமையுரை…"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை.

தொண்ணூறு நிமிடம் என்று எழுதிக் கூப்பிட்டவரைப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டால் கருத்தரங்கு குழம்பியது போலத்தான்; எனக்குப் பால் கொப்பிதான். என் வாய் என்னைக் கேட்காமலே வேலை செய்தது.

"சேர், சொல்ல மறந்துபோனன். டொக்டருக்குப் பின்னேரம் யாழ்ப்பாணத்தில ஒரு கூட்டமாம். பன்னிரண்டு மணிக்கே வெளிக்கிடவேணுமாம்."

"பன்னிரண்டுக்கு என்ன படகு?"

"தனிப் படகு ஒண்டு பிடிச்சிருக்கிறா போல."

"அப்பிடியோ. பாவம். எல்லாரையும் சுருக்கச் சொல்லுறன்."

இவ்வளவு சுகமாகப் பொய் விலைபோகும் என்று நான் நினைக்கவில்லை. வீடு போகும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

கருத்தரங்கு நாளன்று டொக்டர் ஒரு பெரிய பையோடு படகிலிருந்து இறங்கினார். உள்ளே கறுப்புத் தட்டு, சின்னக் கிண்ணங்கள், உடுப்புத் தோய்க்கிற பவுடர். மண்டபம் நிறைந்திருந்தது. முகாமையாளர் சொன்ன சொல் தவறாதவர். எல்லாப் பேச்சாளருக்கும் சுருக்கச் சொல்லியிருந்தார். எல்லாரும் சுருக்கத்தான் பார்த்தார்கள்.

அதிபர் எழும்பி, டொக்டர் பன்னிரண்டு மணிக்குப் போகவேண்டியிருப்பதால் தான் நீளமாய்ப் பேசப்போவதில்லை என்று ஏழு நிமிடம் பேசினார். அடுத்து வந்த சங்கத் தலைவர், அதிபர் சுருக்கியதை மெச்சி, தானும் அப்படியே சுருக்கப்போவதாகச் சொல்லி, எதை எதைச் சொல்லாமல் விடப்போகிறார் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதர் மட்டும்தான் இரண்டு வசனத்தில் ஆசீர்வதித்துவிட்டு அமர்ந்தார். அவருக்கு நான் மனதுக்குள் கோயில் கட்டினேன்.

டொக்டர் ஒலிவாங்கியைத் தொடும்போது பதினொன்று இருபது. அவர் முதலில் பார்த்தது மாட்டுக்காரர்களை.

"பாலில பிழை இல்லை. மடியிலதான் பிழை. உங்களில எத்தினை பேர் முதல் பாலை நிலத்தில பீச்சுறனீங்கள்?"

இருபது கை எழும்பியது.

"அதை இண்டையோட விடுங்கோ. நிலத்தில பீச்சினால் நோய் கொட்டிலுக்குள்ள பரவும். இந்தக் கறுப்புத் தட்டில பீச்சுங்கோ. திரள் திரளாய் இருந்தால் கறுப்பில தெரியும்."

பிறகு பவுடர் தண்ணீரில் கரைந்தது. மாட்டுக்காரர்கள் போத்தலில் கொண்டுவந்திருந்த பாலில் அரைக் கிண்ணம், அதே அளவு பவுடர்த் தண்ணீர், மெல்ல ஒரு சுற்று; தடித்தால் மடியில் நோய் என்றார். ஒருவருடைய பால் தண்ணீராகவே நின்றது. அடுத்தவருடையது கஞ்சிபோல் தடித்தது. மண்டபம் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது.

அந்த நேரம் பார்த்து முகாமையாளர் வேர்க்க விறுவிறுக்க மேடையில் ஏறினார்.

"மன்னிக்கவேணும் டொக்டர். பன்னிரண்டாகப் போகுது. உங்கட தனிப் படகு இன்னும் வரேல்லை. நான் துறைக்குப் போய்ப் பாத்தனான். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எங்களுக்குப் பால் தாற ஒரு தம்பியின்ர பைபர் படகை ஒழுங்குபண்ணிப்போட்டன். எஞ்சினைப் போட்டுக்கொண்டு நிக்கிறான்."

நான் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"எந்தப் படகு?" என்றார் டொக்டர்.

"கூட்டத்துக்குப் போக…"

"எனக்கு ஒரு கூட்டமும் இல்லையே." அவர் பைக்குள் கைவிட்டு என் கடிதத்தை எடுத்தார். ஒலிவாங்கி வாய்க்கு நேரேதான் இருந்தது. "இதில வடிவாய்க் கிடக்கு. திரும்பும் படகு பிற்பகல் இரண்டரை. உரை தொண்ணூறு நிமிடம். உங்கட ஒப்பம் கிடக்கு, ஐயா."

முகாமையாளர் கடிதத்தைப் பார்த்தார். தன் கையொப்பத்தைப் பார்த்தார். பிறகு மண்டபம் முழுக்கத் தேடி, தூணுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். டொக்டரும் அந்தப் பார்வை போன பக்கம் பார்த்தார். அவருக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. வாய் ஓரம் துடித்தது.

"தொண்ணூறில நாப்பதுதான் தந்திருக்கிறியள். மிச்சம் ஐம்பது இருக்கு. தாறியளோ, போகவோ?"

முன்வரிசையில் ஆறு மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா எழும்பினார். "நீங்கள் இருங்கோ டொக்டர். படகு கிடக்கட்டும். என்ர கிண்ணம் கஞ்சியாய்ப் போச்சு, இனி என்ன செய்யிறது எண்டு சொல்லாமல் போகேலாது."

"ஓம், ஓம்," என்று நாலு பக்கமும். சங்கத் தலைவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாய் ஓம் போட்டார். கஞ்சிக் கிண்ணங்களில் ஒன்று அவருடையது.

ஐம்பது நிமிடம் என்றது ஒன்றேகால்வரை போனது. நன்றியுரையை யாரும் தேடவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டார்கள். டொக்டர் குழம்புக் கையோடு பதில் சொன்னார்.

துறையில் இரண்டரைப் படகு போனபிறகு முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கமுதல் நானே முந்தினேன்.

"பிழைதான் சேர். பொய் சொன்னனான்."

"என்னட்டைத் தலைமையுரையைச் சுருக்கச் சொல்லி நேரே கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான் சேர். நீங்கள் பாத்த பார்வையில பாதியில விட்டுட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "நான் எவ்வளவு நேரம் பேசினனான்?"

"இருபத்திரண்டு நிமிசம்."

"சுருக்கித்தானே பேசினனான்," என்றார், உண்மையாகவே மனம் நொந்து.

துறையிலிருந்து திரும்பி நடந்தோம். பிறகு சொன்னார்: "கொப்பியை நாளைக்கு மற்றப் பிள்ளையிட்டைக் குடும். அடுத்த கருத்தரங்குக்கு ஆரைக் கூப்பிடலாம் எண்டு பாரும். நிரலையும் நீரே போடும். ஆனால் இப்ப அந்தப் பைபர் படகுத் தம்பியிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாரும். நான் போகமாட்டன்."

படகுக்காரத் தம்பி கரையில் கைகட்டி நின்றான். வலை எடுக்கப் போகாமல் எனக்காக நின்றவன். நான் மூச்சு விடாமல் மன்னிப்புக் கேட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். படகுக்கும் எண்ணெய்க்கும் நிறுவனம் தரும் என்றேன். அதற்கும் அதே தலையாட்டல்தான்.

"அப்ப என்னதான் வேணும் தம்பி?"

அவன் மண்டபப் பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அடுத்த முறை எனக்கும் ஒரு வாழ்த்துரை தாரும். ரெண்டு நிமிசம் காணும். சுருக்கித்தான் பேசுவன்."