பதினான்காம் எண்ணின் மேல் விழுந்த நிழல்

ஊசிக்கண்ணு என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். வீட்டில் யாருக்கு ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது ஐம்பத்து நான்கு. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதே பின்னறை, அதே வடக்குப் பார்த்த ஜன்னல். மேசைதான் மூன்று முறை மாறியது.

படங்களில் இருக்கக்கூடாததை எடுப்பது அவள் வேலை. முகப்பரு, தொப்பை, மணப்பெண்ணுக்குப் பின்னால் கொட்டாவி விட்ட சித்தப்பா, எல்லாம் அவள் கையில் காணாமல் போயிருக்கின்றன. வேலை முடிந்ததும் உறைமேல் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு கல்யாண ஆல்பங்கள் வீடு மாறிப் போய்ப் பெரிய ரகளையான வருடம், முதலாளியே போட்ட விதி அது. கையெழுத்து இல்லாத உறை வாசல் தாண்டாது.

அந்த விதிதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலாளியின் கழுத்தில் வந்து விழுந்தது.

நகர அலுவலகம் ஒரு வேலை கொடுத்திருந்தது. கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கு முன் மேற்குப் பக்க நடைபாதை முழுவதையும் படம் பிடித்துத் தொகுப்பாகத் தர வேண்டும். நடைபாதைக் கடைக்காரர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவர் இடத்திலும் தரையில் ஒரு முழம் சதுரத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதன்மேல் கறுப்பில் எண் எழுதியிருந்தது. பழைய பதிவேடு மழையில் நனைந்து கூழாகிவிட்டதால், தொகுப்பில் யாருடைய எண் தெரிகிறதோ அவருக்குத்தான் புதிய நடைபாதையில் இடம் என்று வேலைக் கடிதத்தின் நான்காவது பத்தியில் இருந்தது. ஐந்தாவது பத்தி, படம் எடுப்பவரின் நிழல் எந்தப் படத்திலும் விழக்கூடாது என்றது.

படம் எடுத்தவர் முதலாளியின் மருமகன். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்று எங்கோ படித்ததை இறுகப் பிடித்துக்கொண்டவர். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், காலை ஆறே முக்காலுக்குக் கிழக்கே முதுகைக் காட்டி நின்று முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தார். தாழ்ந்த வெயில். இருபத்திரண்டு படங்களில் அவருடைய நிழல் ஐந்தாறு மீட்டர் நீண்டு, நடைபாதைமேல் ஏறிப் படுத்திருந்தது.

ஊசிக்கண்ணு இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள். அதற்குள் மாப்பிள்ளையே நிழல்களை எடுத்துவிட்டார்.

“அக்கா, இருபத்திரண்டும் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. நிழல் மேல வட்டம் போட்டு ஒரு சொடுக்கு. கம்ப்யூட்டரே பக்கத்துக் கல்லைப் பாத்து நிரப்பிடுது. நீங்க பாட்டுக்குக் கையெழுத்துப் போடுங்க, மதியம் ரெண்டு மணிக்குக் குடுக்கணும்.”

“கண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கும் கொஞ்சம் வேலை குடுப்போம் மாப்பிள்ளை” என்று சொல்லி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பதினேழாவது படத்தில் அவள் விரல் நின்றது. ஒரு நடைபாதைக் கல்லில் கோழிக்கால் போல மூன்று கிளையாக விரிசல். இரண்டு கல் தள்ளி அதே கோழிக்கால், அதே சாய்வு. உலகத்தில் எந்த இரண்டு கல்லும் ஒரே மாதிரி விரியாது. எண்களைப் பார்த்தாள். இடது ஓரத்தில் பதின்மூன்று. வலது ஓரத்தில் பதினைந்து. நடுவில் துடைத்து வைத்தாற்போலச் சுத்தமான கல்.

படங்கள் பதிவாகியிருந்த கேமரா அட்டையை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துப் போக மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவள் அதை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு மூலப்படத்தைத் திறந்தாள். கேமராவைப் பிடித்திருந்த இரண்டு முழங்கைகளும் மார்பும் சேர்ந்து கரிய பெட்டி போல விழுந்திருந்தன. அந்த இருட்டின் நடுவில், பாசி படிந்த பச்சையாக, ஒரு சதுரம். பதினான்கு.

“எண்ணைத் தின்னுடுச்சு உங்க கம்ப்யூட்டரு.”

முதலாளி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்தது. புரியாதது போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“திரும்ப எடுக்க முடியாதா?”

“நேத்தே கல்லையெல்லாம் பேத்து லாரியில ஏத்திட்டாங்க. பள்ளத்தைத்தான் படம் எடுக்கணும்” என்றாள் ஊசிக்கண்ணு.

“யாரோட இடம் அது?”

“பூட்டுக்காரரோடது.”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டுக்காரருக்கும் ஊசிக்கண்ணுவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அவர் செய்து கொடுத்த சாவி அவள் வீட்டுப் பூட்டுக்குள் உடைந்து, அவளும் கணவரும் அரை நாள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். “உங்க பூட்டுதான் கோணல்” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் உறவு அறுந்தது.

“அந்த ஆளுக்காகவா நீ மல்லுக்கு நிக்கற?”

“அந்த ஆளுக்காக நான் ஒரு டம்ளர் தண்ணிகூட மோந்து குடுக்க மாட்டேன். இது படத்துக்காக. இருந்ததை இல்லைன்னு சொல்ற படத்துல என் கையெழுத்து வராது.”

“மாப்பிள்ளை மனசு கோணும், பாரு.”

“கோணட்டும். அவர் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை.”

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “நானே போட்டுக்கறேன் கையெழுத்து.”

“போடுங்க. சரிபார்த்தவர்னு போட்டிருக்கே, என்னத்தைச் சரிபார்த்தீங்கன்னு நாளைக்கு நானே வந்து கேப்பேன், வாசல்ல நின்னு, சத்தமா.”

அவள் செய்யக்கூடியவள் என்று முப்பத்தைந்து வருடமாக அவருக்குத் தெரியும். மறுநாள் பகல் வரை அவகாசம் கேட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

நிழலை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நிழல் விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு தரையை ஒட்டுவது. மாப்பிள்ளை செய்தது அது. மற்றொன்று, நிழலுக்கு அடியில் இருக்கும் தரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. நிழல் என்பது ஓட்டை அல்ல, வெளிச்சம் குறைந்த இடம். அங்கே கல்லும் மண்ணும் பெயிண்டும் அப்படியே இருக்கும்.

ஊசிக்கண்ணு நிழலின் ஓரத்தைச் சுற்றி வரைந்தாள். படத்தின் கீழ் விளிம்பில், காலுக்குப் பக்கத்தில், ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தது. மேலே தலைப்பக்கம் போகப் போகப் புகையாகக் கரைந்தது. அதனால் கீழே கூரான தூரிகை, மேலே போகப் போக மென்மையானது. பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நிழலுக்குள் வெயில் வருவதில்லை, வானத்தின் வெளிச்சம்தான் வரும். ஆகவே எல்லாமே நீலம் பாரித்திருந்தது. நீலத்தைக் குறைத்து வெயிலின் மஞ்சளைக் கூட்டினாள். பாசிப் பச்சையாக இருந்த சதுரம் மெல்ல மஞ்சளாகி, அதன்மேல் கறுப்பு எண் எழுந்து வந்தது. ஒன்று, நான்கு. நான்கின் கால் கொஞ்சம் சிதைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த இடம் முழுதாகக் கலக்கவில்லை. சுற்றியிருந்த கற்களில் ஒவ்வொரு மண்துகளுக்கும் ஒரு குட்டி நிழல் இருந்தது. அவள் நிழலை எடுத்த இடத்தில் அது இல்லை. தரை தட்டையாக, லேசாகப் பொரிபொரியாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் தோளின் கோடு ஒரு பெருமூச்சு அளவுக்கு மிச்சம்.

“அதையும் தேச்சு விட்டுடுங்களேன் அக்கா” என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “அழுக்கா தெரியுது.”

“தேச்சா நான் வரைஞ்சதாயிடும். இருக்கட்டும். அழுக்கு உண்மையா இருந்தா போதும்.”

மீதி இருபத்தொன்றிலும் அவள் ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டினாள். அங்கெல்லாம் நிழல் வெறும் கல்லின்மேல்தான் விழுந்திருந்தது. இருந்தாலும் அவற்றையும் திரும்பச் செய்தாள். ஒரு படத்துக்கு ஒரு நியாயம் என்று அவளுக்கு வராது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளையும் அவளும் தொகுப்போடு நகர அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினேழில் நிறுத்தினார்.

“இந்தப் பதினாலு மட்டும் வேற மாதிரி இருக்கே. சுத்தி ஏதோ கறை. நீங்களா எழுதிச் சேத்தீங்களா?”

மாப்பிள்ளை ஊசிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். ஊசிக்கண்ணு பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து எதிர்ப்பக்கத்தில் வைத்தாள். நிழலோடு இருக்கும் மூலப்படம்.

“இது எதுக்கு? நிழல் வரக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கோமே.”

“நிழல் இல்லாத படம் இந்தப் பக்கம் இருக்கு சார். நிழல் இருக்கற படம் அந்தப் பக்கம். அது இல்லாம இதை நீங்க நம்ப மாட்டீங்க. அதனால ரெண்டும் தொகுப்புல இருக்கும்.”

“இருக்கும்னு நீங்க முடிவு பண்ண முடியாதும்மா. விதின்னு ஒண்ணு இருக்கு.”

“அப்ப கிழிச்சுப் போடுங்க. பதினேழாம் படத்தை நான்தான் கிழிச்சேன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் என் சீட்டுல ஒட்டிக்கறேன்.”

பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். அவள் கேமரா அட்டையை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

“என்னை நம்ப வேண்டாம் சார். உங்க கம்ப்யூட்டர்ல போட்டு, வெளிச்சத்தை நீங்களே ஏத்திப் பாருங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு இங்கயே நிக்கறேன்.”

சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிகாரி எரிச்சலோடுதான் படத்தைத் திறந்தார். திரையில் வெளிச்சத்தை ஏற்றும் குமிழை வலதுபுறம் நகர்த்தினார். வானமும் கடைச் சுவர்களும் வெளுத்து எரிந்து போயின. நிழலுக்குள்ளிருந்து பதினான்கு வந்தது. அவர் குமிழை இடதுபுறம் தள்ளினார், மறைந்தது. மறுபடி வலதுபுறம். மூன்று முறை அப்படிச் செய்தார், பொம்மை கிடைத்த குழந்தை போல.

“யாரோட நிழல் இது?” என்றார் கடைசியில்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “என்னுதுதான் சார்.”

“நல்ல உயரம்தான்.” அதிகாரி இரண்டு படங்களின் ஓரத்திலும் முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தொரு எண்களும் இருந்தன. சாயங்காலம் நான்கரைக்குப் பூட்டுக்காரர் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எண்ணெய் படிந்த கையை வேட்டியில் துடைத்தபடி பின்னறைப் பக்கம் பார்த்தார்.

“விஷயமெல்லாம் மாப்பிள்ளை சொன்னாரு.”

“அவருக்கு வாய் நிக்காது.”

“இருந்தாலும் சொல்றேன்மா. அன்னைக்கு உங்க பூட்டுதான் கோணல்.”

ஊசிக்கண்ணு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ ஒருவரின் கடற்கரைப் படத்தில், மணல்மேல் கேமராவும் கையுமாக ஒரு தலை நிழலாக நீண்டு கிடந்தது.

“உங்க சாவிதான் கோணல்” என்றாள். “புது இடத்துல உக்காந்ததும் முதல் வேலையா எனக்கு ஒரு நல்ல சாவி செஞ்சு வைங்க. வாங்கறப்போ நானே பூட்டுல போட்டுச் சரிபார்ப்பேன்.”