புஜம் நாற்சந்தியில் நின்ற காலம்

இருபது வருடம் பிறர் நடத்திய ஜிம்களில் பிறர் தொப்பையைத் திட்டிச் சம்பளம் வாங்கியவர், நாற்பத்தைந்தாம் வயதில் சொந்தமாக ஒரு ஜிம் தொடங்கினார். கையின் சுற்றளவை முன்னிட்டு ஊரார் அவரைப் புஜம் என்றே அழைத்தார்கள். கட்டடமும் முதலும் மனைவியின் அண்ணனுடையவை. கீழே மச்சானின் டயர் கடை, மாடியில் ஜிம். மூன்று மாதத்துக்குள் நாற்பது பேர் பணம் கட்டிச் சேராவிட்டால் மாடி டயர் கிடங்காகிவிடும் என்று மச்சான் முதல் நாளே சொல்லிவிட்டார். வாழ்த்து என்றால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விளம்பரத் திட்டத்தைப் புஜத்தின் மனைவி எழுதினார். சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவர். அந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு ஏற்கெனவே பெரிய ஜிம் ஒன்று இருந்தது. ஆகவே நடந்தே வரக்கூடிய தூரத்தில் வசிக்கும், நாற்பது வயது தாண்டிய, டாக்டர் 'உடம்பைக் கொஞ்சம் அசைங்க' என்று சொல்லி அனுப்பிய பெண்களும் ஆண்களுமே நம் ஆட்கள் என்று தீர்மானித்தார். அவர்களை எட்டும் வழிகள்: குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள், கிளினிக்குகளில் வைக்கும் அட்டை, சுற்றியுள்ள இரண்டு கிலோமீட்டருக்குள் மட்டும் ஓடும் போன் விளம்பரம், ஒரு வார இலவசப் பயிற்சி. செலவில் பாதி இலவச வாரத்துக்கு. மீதியில் பெரும்பங்கு போன் விளம்பரத்துக்கு. லைக்குகளை எண்ணக் கூடாது. இலவசமாக வந்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒருவரைச் சேர்க்க எவ்வளவு செலவானது, சேர்ந்தவர் மூன்றாம் மாதமும் வருகிறாரா என்பவையே வெற்றியின் அளவுகோல்.

புஜம் இதைக் கடைசிவரை படித்தார். அதில் தன் உடம்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்பதைக் கண்டார். அன்றிலிருந்து வீட்டில் யுத்தம்.

போன் விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே எடுத்து நாற்சந்தியில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார். அதில் அவரேதான்: மேல்சட்டையின்றி, எண்ணெய் பூசி, கழுத்து நரம்பு புடைக்க, தன்னை யாரோ அவமதித்துவிட்டதைப் போன்ற முகத்துடன். மனைவி பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்தார்.

"இது யாருக்கு வச்சீங்க?"

"ஜனங்களுக்கு."

"எந்த ஜனம்? முட்டி வலிக்காரங்க இதப் பாத்தா முட்டிய மறந்துட்டு ஓடுவாங்க."

பதிலுக்குப் புஜம் மூன்று நாள் பேசவில்லை. பேசாமலிருப்பதையும் அவர் தசையை முறுக்கிக்கொண்டேதான் செய்தார்.

போர்டு பலன் தராமல் இல்லை. இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். அவரோடு செல்ஃபி எடுத்தார்கள், கையைத் தொட்டுப் பார்த்தார்கள், கட்டணத்தைக் கேட்டார்கள், பெரிய ஜிம்முக்கே திரும்பிப் போனார்கள். இரண்டாம் மாத முடிவில், விசாரிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போர்டைப் பார்த்து வந்தவர்கள் என்று புஜம் மச்சானிடம் மார்தட்டினார்.

"சேந்தவங்க எத்தன பேரு மாப்ள?"

சேர்ந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களில் போர்டு வழியாக வந்தவர் ஒருவர். அவரும் புஜத்தின் சித்தப்பா மகன். மற்றவர்கள் எல்லாரும் இலவச வாரமும் கிளினிக் அட்டையும் கொண்டுவந்த ஆட்கள். மறுநாள் மச்சான் மாடிப்படியில் ஆறு டயர்களை அடுக்கி வைத்தார். 'அளவு சரியா இருக்கான்னு பாக்கறேன்' என்றார்.

மூன்றாம் மாத நடுவில் வங்கிக் காசாளர் அம்மாள் ஒருவர் டயர்களைத் தாண்டி ஏறி வந்து பணம் கட்டினார். முப்பத்து மூன்றாவது ஆள். எங்களை எப்படித் தெரியும் என்று சேருகிறவர் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. புஜம் ஆசையோடு கேட்டார்.

"டாக்டர் அட்ட குடுத்தாருங்க."

"நாற்சந்தியில போர்டு பாக்கலியா?"

"பாத்தேன். அதனாலதான் ரெண்டு மாசம் யோசிச்சேன்." அம்மாள் கூச்சமில்லாமல் தொடர்ந்தார். "எங்க வாக்கிங் கூட்டத்துல இன்னும் எட்டு பேரு இருக்காங்க. அந்தப் படம் இருக்கற வரைக்கும் யாரும் படி ஏற மாட்டாங்க தம்பி."

பக்கத்து மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. கண்ணாடியில் புஜம் தன்னைப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் அவருக்கு ஆதரவாக யாரும் இல்லை. கீழே மச்சான் ஏழாவது டயரை உருட்டும் சத்தம் கேட்டது.

அன்று மாலை அவரே ஏணி வைத்து ஏறிப் போர்டின் கயிறுகளை அறுத்தார். இரண்டு மாதமாக நாற்சந்தியில் முறைத்துக்கொண்டிருந்த முகம் மடங்கிக் கீழே விழுந்தது. மறுவாரம் எட்டுப் பேரில் ஏழு பேர் வந்தார்கள். நாற்பது நிறைந்தது. மச்சான் டயர்களைக் கீழே இறக்கினார், வாழ்த்தவில்லை. புஜமும் மனைவியும் இன்னும் அவசியத்துக்கு மட்டுமே பேசிக்கொள்கிறார்கள்.

திட்டத்தில், ஆட்களை எட்டும் வழிகளின் அடியில் மனைவி ஒரு வரி சேர்த்தார்: "போர்டை அகற்றுதல். செலவு, ஏணி வாடகை. சேர்ந்தவர், ஏழு. இதுவரை செய்த விளம்பரங்களில் மலிவானது இதுவே."