நான் பதில் போடாத பதினோரு பேர்

ஒன்றரை வருடம் சத்தமில்லாமல் கிடந்த வலைதளக் கணக்கில் முதலில் மன்னிப்பு கேட்பதா, சரக்கைக் காட்டுவதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே, கல்வராயன் மலைச் சாமையைச் சமூக வலைதளத்தில் விற்றுவந்தேன். பிள்ளை பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். போன மாதம் வெள்ளிமலையிலிருந்து இருபது கிலோ புதுச் சாமை வந்தது.

"தள்ளுபடின்னு போடு. தினம் நாலு போஸ்ட் போடு," என்றார் கணவர்.

"திடீர்னு வந்து கூவுனா, இருக்கிற கொஞ்சம் பேரும் போயிடுவாங்க."

"அப்ப இன்னா, இன்னொரு வருஷம் யோசிச்சிக்கினே இருக்கப் போறியா?"

பழைய செய்திகளைத் திறந்தேன். பதினோரு பேர் சாமை கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் நான் பதில் போடவில்லை. தாமதத்துக்கு வருந்துவதாகவும் புதுச் சாமை வந்திருப்பதாகவும் அவர்களுக்கு மட்டும் எழுதினேன். பிறகு சாமையில் கல் பொறுக்கும் வீடியோவை, ஒரே நாளில் மறைந்துவிடும் ஸ்டோரியாகப் போட்டேன். தள்ளுபடி போடவில்லை.

மதியம்வரை ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அந்தப் பதினோரு பேரில் ஒருவரான சென்னை வாடிக்கையாளர் எழுதினார்: "உயிரோடதான் இருக்கீங்களா? ரெண்டு கிலோ அனுப்புங்க. மறுபடி காணாம போயிட மாட்டீங்களே?"

சாமையை அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். சின்னப் பிள்ளையோடு வாராவாரம் வருவேன் என்று சொல்லி, தவறினால் அவரும் போய்விடுவார். சரக்கு வரும்போது மட்டும் வருவேன் என்றால் நம்புவீர்களா? நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் எந்தப் பதிலை ஏற்பீர்கள்? சொல்லுங்கள்.