சத்தம் போடாத ஞானராஜ்

ஞானராஜ் அண்ணன் குணமாகிவிட்டார் என்று முதலில் எழுதி வைத்தவள் நான்தான். 'நல்ல முன்னேற்றம்' என்று நீல மையில், கோப்பின் மூன்றாம் பக்கத்தில், கீழே என் கையெழுத்தோடு இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவர் தனியார் பஸ் டிரைவர். ஆவூர்க்காரர். கல்யாணத்துக்குப் பிறகு புதுக்கோட்டையில் குடியிருக்கிறார். பதினாறு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். அறந்தாங்கியிலிருந்து கோட்டைப்பட்டினம் போய்த் திரும்பும் வண்டியில் ஆறு வருஷம். போன வருஷம், வேறொரு ரூட்டில் ஒரு நாள் மாற்றாகப் போயிருந்தபோது, சந்திலிருந்து வந்த டிவிஎஸ் வண்டி ஒன்று அவருடைய முன்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்துபோனார். தப்பு டிரைவர்மேல் இல்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டது அவர்தான்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். எதிரே ஆடு வந்தாலும் ஏர் ஹாரன். ஓவர்டேக் செய்தவனைத் துரத்திப்போய்க் கெட்ட வார்த்தை. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரின் சட்டையைப் பிடித்ததோடு முதலாளி ஆத்மநாதன் பொறுமை இழந்தார். "கவுன்சிலிங் போயிட்டு வா, இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போ" என்று எங்கள் மையத்துக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை மின்விசிறி. நான் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து அப்போது ஏழு மாதம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பிரகதீஸ்வரி கவுன்சிலரு" என்று அம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டத்துக்கு நான் தகுதியானவளா என்று எனக்கே சந்தேகம். சந்தேகம் இருப்பவள் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை.

பயிற்சியில் 'தாங்குதிறன் சாளரம்' என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டேன். "இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்குறப்போ கோவம் வரும், பயம் வரும், அழுகையும் வரும். ஆனா யோசிக்க முடியும், எதிராளி பேசுறது காதுல விழும். மேல் கோட்டத் தாண்டிட்டா ஒடம்பு சண்டைக்கு நிக்கும். கீழ் கோட்டுக்கு அடியில போயிட்டா ஒடம்பு மரத்துப்போகும். பெரிய அதிர்ச்சிக்கப்புறம் இந்த நடு எடம் குறுகிடும்."

"வண்டியில இருக்குற ஹீட் மீட்டரு மாதிரி," என்றார் அவர்.

"அதேதாண்ணே."

அவர் மேல் கோட்டுக்கு மேலேதான் நின்றார். பல்லைக் கடித்திருந்தார், தோள் காதுவரை ஏறியிருந்தது, நெஞ்சுக்கூட்டின் உச்சியில் மூச்சு வாங்கினார். நான் பேசுவதை முடிக்கும் முன்பே பதில் சொன்னார். அதனால் நானும் மேல் கோட்டைப் பற்றியே பேசினேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், தோளை இறக்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தேன். கீழ் கோட்டைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டேன். நேரமில்லை என்று நினைத்தேனா, தேவையில்லை என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மனுஷன் அதை ஜெபமாலை மாதிரிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் பத்து நிமிஷம். ஒரே மாதத்தில் ஹாரன் நின்றது, வசவு நின்றது. முதலாளியே போன் செய்தார்.

"என்னம்மா மந்திரம் போட்ட? பசு மாடு மாதிரி ஆயிட்டாரு!"

அன்றைக்குத்தான் நான் நீல மையில் எழுதினேன்.

அடுத்த வாரம் அவருடைய மனைவி ஜெயராணி மாடியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அவர என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏங்க்கா, சத்தம் கொறஞ்சிருக்குமே?"

"சத்தம் கொறஞ்சிருக்கு. சோத்தத் தட்டுல போட்டு வச்சா, தின்னுங்கன்னு சொன்னாத்தான் திங்கிறாரு. நேத்து சின்னவ கால இடிச்சிக்கிட்டு ரத்தம் ஒழுக நிக்கிறா, இவரு பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. எது கேட்டாலும் சரி, சரி. நான் செத்துப்போறேன்னாலும் சரின்னுதான் சொல்லுவாரு போல. கத்துற மனுஷனே எனக்குப் போதும், அவரக் குடுத்துருங்க!"

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த அக்காவுக்கு எதிலும் திருப்தியே கிடையாதா என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகு தாளை எடுத்து என் இரண்டு கோடுகளைப் பார்த்தேன். அந்த அக்கா சொன்னதெல்லாம் கீழ் கோட்டுக்கு அடியில்தான் இருந்தது. அப்படி ஒரு ஆள் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்.

ஞானராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன். "சரிம்மா, நல்லா இருக்கேன்" என்றார். முதலாளிக்குச் செய்தேன். "நல்லா ஓட்டுற ஆள ஏம்மா கெடுக்குற?" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை அறந்தாங்கி போய் அவருடைய வண்டியிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. கியர் விழுவது தெரியவில்லை. ஆனால் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் சாலைமேல் இருந்தது, பார்வை இல்லை. குறுக்கே நாய் ஓடியபோது கால் தானாகப் பிரேக்கில் போனது, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

நாகுடி வந்தது. கண்டக்டர் நாகராசு விசில் அடித்தார். வண்டி வேகம் குறையவில்லை. இன்னொரு விசில். பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் ஜன்னலில் கடந்து போனது.

"யோவ், எறங்கணும்யா!" ஒரு மீன்காரம்மா கூடையால் கம்பியை இடித்தார். நாகராசு ஓடிவந்து இன்ஜின் மூடியில் ஓங்கித் தட்டினார். "அண்ணே! நாகுடி! நாகுடிண்ணே!"

வண்டி பதறாமல், ஓரமாக, அழகாக நின்றது. அரைக் கிலோமீட்டர் தாண்டியிருந்தது.

"ம்?" என்றார் ஞானராஜ்.

"விசில் கேட்டுச்சாண்ணே?" என்றேன்.

"கேட்டுச்சும்மா. வேற எங்கயோ அடிக்கிற மாதிரி இருந்துச்சு."

"அண்ணே, இன்ஜின ஆப் பண்ணுங்க. எறங்குங்க."

"சரிம்மா."

பயணிகள் சும்மா இருப்பார்களா? "கோர்ட்டுக்குப் போகணும்", "டிக்கெட்டத் திருப்பிக் குடு", "யாருடி இவ, ஆர்டிஓவா?" மீன்காரம்மா போகிற போக்கில், "இம்புட்டுத் தூரம் தூக்கிக்கிட்டுப் போக உங்கப்பனா வருவான்?" என்று நாகராசுவைக் கேட்டுவிட்டு நடந்தார்.

ஞானராஜை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனேன். கையைத் தொட்டேன், வெயிலில் அந்தக் கை ஜில்லென்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். "கண்ண மூடிக்கிட்டு மூச்ச மெதுவா விடுங்கண்ணே" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். தோள் இறங்கியது, தலை தொங்கியது, மனுஷன் மரத்தில் சாய்ந்து சரிய ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே போய்விட்ட ஆளை இன்னும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒரு மாதமாக, ஒரு நாளைக்கு நாலு தடவை.

"கண்ணத் தெறங்கண்ணே! நாகராசண்ணே, தண்ணி!"

நாகராசுவின் ஐஸ் பாட்டில் தண்ணீரை முகத்திலும் மணிக்கட்டிலும் தெளித்துக்கொள்ளச் சொன்னேன். பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு கையையும் ஊன்றி, வண்டியை நகர்த்துகிற மாதிரித் தள்ளச் சொன்னேன். ஜன்னலில் இருந்த ஒரு கிழவர், "ஸ்டார்ட் ஆவலையா? நாங்களும் எறங்கித் தள்ளணுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கிற நிலையில் இல்லை. பிறகு அவரை அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கவிட்டு, கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லச் சொன்னேன்.

"கருவ மரம்... கரண்டுக் கம்பம்... பால் வண்டி... நாகராசு தொப்ப."

"ஏண்ணே!" என்றார் நாகராசு.

அப்புறம் அவருடைய கை நடுங்கியது. மரத்துப்போன உடம்பு திரும்புகிற வழியில் இப்படி நடுங்கும், படபடக்கும் என்று படித்திருந்தேன். பக்கத்திலேயே நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், அறந்தாங்கியிலேருந்து கெளம்புனது ஞாபகம் இருக்கு. நடுவுல எதுவுமே இல்ல" என்றார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. அவர் பேசப் பேச நானும் பேசினேன். உசிரு, கேசு, பொறுப்பு என்று கத்தினேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, கன்னம் கொதித்தது.

"மேடம்," ஞானராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு பேசுறது ஒங்க காதுல விழுதா?"

விழவில்லை. போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நடந்ததை அவரே முதலாளியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். டிரைவருக்குப் புத்தி சரியில்லை என்ற பேச்சு ஒரு ஷெட்டிலிருந்து கிளம்பினால், சாயங்காலத்துக்குள் எல்லா ஷெட்டுக்கும் போய்விடும்.

"மொதலாளி, நான் ஞானராஜ். அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. நாகுடி எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல. இனிமே டாக்டரு சொல்ற வரைக்கும் நான் வண்டியத் தொடல. எனக்குப் பதிலா ஆக்டிங் டிரைவர அனுப்புங்க."

முதலாளி எனக்கே கேட்கும்படி, "அஜித்த அனுப்புறேன், சாவிய அவங்கிட்ட குடு. நாளைக்கு ஷெட்டுக்கு வா, பேசிக்குவோம்" என்றார். பேசி வேலை கொடுப்பாரா, கணக்கு முடிப்பாரா, தெரியவில்லை. மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டோடு நானும் ஷெட்டுக்கு வருவதாகச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அஜித் பைக்கில் வந்தான். இருபத்து நாலு வயது, கறுப்புக் கண்ணாடி. ஏறியதும் ஹாரனை அழுத்தி, முதல் கியரிலேயே இன்ஜினைக் கதறவிட்டான். ஞானராஜ் என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தார்.

"டேய், கிளட்ச மிதிச்சிக்கிட்டே ஓட்டாதடா!"

அஜித் திரும்பவில்லை.

"மாத்துடா கியர! ஒங்கப்பன் வீட்டு வண்டியாடா?"

நாகராசு தலையில் கைவைத்தார். "போச்சு! பழைய ஆளு வந்துட்டாருங்க. மேடம், அந்த மூச்சுத் தாள எடுங்க!"

எடுக்கவில்லை. இந்த முறை பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. ஆனால் பல் கடிக்கவில்லை, தோள் இறங்கியே இருந்தது.

"அண்ணே, கோவமா இருக்கீங்களா?"

நான் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். "கோவந்தாம்மா. பின்ன? வண்டிய இப்பிடியா ஓட்டுவான்?" சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "ஆனா அடிக்கணும்னு தோணல. பசிக்குது. நாகராசு, திங்க என்னடா வச்சிருக்க?"

நாகராசு பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே நீட்டினார். ஞானராஜ் யாரும் சொல்லாமலே அதைப் பிய்த்துத் தின்றார். தின்றுகொண்டே அஜித்தைத் திட்டினார்.