அவள் கொடுத்த எண்

ஒன்பது வருடமாக, வலிப்பு மாத்திரையை வாங்கியதும் பையில் காய்கறிக்கு அடியில் தள்ளிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே இருந்த நோய். கணவன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு ஒரு கடிதமும் தந்தார். தெருமுனையில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'அன்பான வாடிக்கையாளருக்கு, மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போது, நீங்கள் கொடுத்த எண்ணுக்கு இனி மாதாமாதம் குறுஞ்செய்தி வரும். மருந்தின் பெயர் இருக்காது. வேண்டாமென்றால் கடையில் சொல்லுங்கள்.'

அவளுக்கென்று போன் கிடையாது. முதல் பில்லுக்குக் கணவனின் எண்ணைத்தான் சொல்லியிருந்தாள். மாதாந்திர மருந்து என்று வந்தாலே குட்டு உடைந்துவிடும்.

திரும்பி ஓடினாள்.

"அண்ணே, இந்தக் கடிதத்துல..."

"எழுத்து பொடிசா இருக்காம்மா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"அட, அண்ணி! யாருக்கு மருந்து?" பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள்.

"தலைவலி."

"எங்கண்ணனைக் கட்டிக்கிட்டா வராம இருக்குமா?"

கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு இரண்டு முறை போனாள்; இரண்டு முறையும் கடையில் கூட்டம், சொல்லாமலே திரும்பினாள்.

தினம் ஒரு மாத்திரை. இன்று போட்டதுபோக அட்டையில் ஆறு இருக்கிறது. கடையில் இன்னும் கணவனின் எண்தான் இருக்கிறது.