ஃபிளைட் மோடில் ஓடும் பாலிங் பஸ்

‘தேவகி, வயது நாற்பத்தாறு, பேக்கிங் பிரிவு. கைப்பேசித் தொழில்நுட்ப அறிவு: இல்லை.’ மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் உள்ள கையுறைத் தொழிற்சாலையின் பதிவேடு தேவகியைப் பற்றி இவ்வளவுதான் சொல்கிறது. கடைசித் தகவல் மட்டும் தவறு.

பாலிங்கிலிருந்து வரும் தொழிற்சாலை பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் ரப்பர் காடு. போனில் லைன் வரும், போகும். அந்த பஸ்ஸில் யார் எந்த கேம் விளையாடுவது என்பதைத் தேவகிதான் முடிவு செய்வார். அவர் விளையாடுவதில்லை, தூங்குவார்.

புதிதாகச் சேர்ந்த ஷீலா தூங்காத ரகம். மாத டேட்டா பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் ஜன்னல் கம்பியை எண்ணுவாள். இந்தப் பயணம் அலுத்துப்போய், வெள்ளிக்கிழமை கொடுக்க ராஜினாமாக் கடிதம் பையில் தயாராக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கேன்டீன் வைஃபையில் ஐந்து கேம் இறக்கிக்கொண்டு உற்சாகமாக ஏறினாள். பஸ் சுங்கைப் பட்டாணியைத் தாண்டியதும் முகம் வாடியது.

“அக்கா, ஆஃப்லைன்னுதான் போட்டிருக்கு. தொறந்தா இன்னும் நானூறு எம்பி வேணுங்குது!”

“போடத்தான் செய்வான் லா. எறக்குனியே, ஒரு தடவையாச்சும் தொறந்து பாத்தியா?”

“எறக்குனா போதாதா?”

“மேகி பாக்கெட்ட வாங்குனா வயிறு நெறஞ்சிருமா?”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தேவகி அவள் போனை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கேமையும் வைஃபையிலேயே திறந்து, கேட்ட மிச்சத்தையெல்லாம் இறக்கவிட்டு, மூன்று கட்டம் ஆடினார். பிறகு ஃபிளைட் மோடில் போட்டு, கேமை முழுதாக மூடி மறுபடி திறந்தார். லாகின் கேட்ட கேமை அழித்தார். விளம்பரம் வராமல் அடுத்த கட்டம் திறக்காததும் போனது. பேட்டரியை உறிஞ்சி போனைச் சுட வைத்ததும் போனது. அன்றைக்கு ஐந்துமே போயின.

“ஒண்ணும் தேறல. எங்க ஸ்கூல் கிளாஸ்ல பாதிப் பேர் மாதிரி” என்றாள் ஷீலா.

“நாளைக்கு வேற புடிப்போம்.”

வியாழனன்று இன்னும் ஆறு. சொல் தேடும் புதிர் ஒன்றும், கட்டங்களை அடுக்கும் ஆட்டம் ஒன்றும் தேறின.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியதும் தேவகி சொன்னார்: “பஸ்ல ஃபிளைட் மோட் வேணாம், உங்கம்மா போன் வராது. டேட்டாவ மட்டும் அடைச்சு வை. ஆப்ப அழிச்சிடாத, ஆடுனதெல்லாம் போயிரும்.”

ஓட்டுநர் மனோகரன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “அக்கா, எம்பஸ்ஸ ஏரோப்ளேன் ஆக்கிட்டீங்க! டிக்கெட்ட ஏத்தலாமா?”

“மொதல்ல குளுகாத்தே வராத ஏர்கோன ரிப்பேர் பண்ணுங்கண்ணே!” என்றார் தேவகி.

வெள்ளிக்கிழமை பஸ் தொழிற்சாலை வாசலில் நின்ற பிறகும் ஷீலா எழுந்திருக்கவில்லை. “ஒரு நிமிசம்க்கா, இந்தக் கட்டம் மட்டும்.” கடிதம் பையிலேயே இருந்தது. திங்களன்றும் அவள் வந்தாள்.

தேவகி செய்தது இதுதான்: இரண்டு நாள் தன் சாப்பாட்டு நேரத்தில் பதினொரு கேம்களைச் சோதித்து, ஒன்பதை அழித்து, இரண்டை வைத்தார்.