தாடையில் இருந்த சிவப்பு

செத்தவர்களின் படத்தைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. கீழே மாலை கட்டுவார்கள், மேலே நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த மாலைக்கு ஒரு முகம் தயார் பண்ணுவேன். பழகிப்போன வேலை. ஆனால் ஒரு படம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

காலையில் கடை திறந்ததும் பிடோக்கிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சவரம் செய்யாத முகம். முதல்நாள் அவருடைய அம்மா போய்விட்டார். அன்று சாயங்காலமே எடுக்கிறார்கள்.

“படத்துல அம்மா பக்கத்துல இருந்த ஆளை நான் போன்லயே அழிச்சிட்டேன்மா. பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிக் கொடுங்க, போதும் லா.”

போனில் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. என் திரையில் பெரிதாக்கியதும் கர்மம், கர்மம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அம்மாவின் இடது தாடையை ஒட்டிக் கலங்கலாக ஒரு வெளிறிய பட்டை. தோளில் யாரோ கை போட்டிருந்ததற்கு அடையாளமாக நான்கு விரல்களின் நிழல், விரல்கள் மட்டும் இல்லை. இடது காது பிசைந்த மாவு மாதிரி இருந்தது. கழுத்தோரம் சிவப்பாக ஒரு இழை தொங்கியது.

“இதை மாலை போட்டு வெச்சீங்கன்னா வர்றவங்க அம்மாவைப் பாக்க மாட்டாங்க அண்ணே. பக்கத்துல யாருன்னுதான் பாப்பாங்க.”

“அதுதான்மா கூடாது,” என்றார். “யாருன்னு யாரும் கேக்கக் கூடாது.”

அழிக்காத படம் வேண்டும் என்றேன். தயங்கினார். போன் சும்மா ஒரு ஆளைச் சுற்றிக் கோடு போட்டு உள்ளே இருப்பதை எடுத்துவிடும், ஆனால் ஆள் அந்தக் கோட்டோடு முடிவதில்லை என்று விளக்கினேன். ஓரத்து முடியில் பாதி அந்த ஆளின் நிறம், பாதி பின்னால் இருக்கும் சுவரின் நிறம். அந்த ஆளின் நிழல் அடுத்தவர் மேல் விழுந்திருக்கும். துணியில் பட்ட வெயில் அடுத்தவர் முகத்தில் தெறித்திருக்கும். இதெல்லாம் கோட்டுக்கு வெளியே தங்கிவிடும். பிறகு போன் பள்ளத்தை நிரப்பச் சுற்றிலும் பார்த்தால், அங்கே இருப்பதே அந்த மிச்சம்தான். அதையே இழுத்து உள்ளே பூசிவிடுகிறது. மறைந்திருந்த கன்னத்தைக் கேமரா பார்த்ததே இல்லை, அதனால் அது வெறும் ஊகம்.

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, படத்தை அனுப்பினார். “அம்மா போன்ல இருந்துச்சு,” என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

முழுப் படத்தில் அம்மாவின் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு முப்பது வயதுக்காரி ஒருத்தி. சிவப்புப் பட்டு, நல்ல வெயில். அதே மூக்கு, அதே நெற்றி. இவருக்கும் அதே மூக்குதான்.

“தங்கச்சியா?”

“இல்ல. எனக்குத் தங்கச்சி கிடையாது.”

எனக்கு ஆத்திரம் வந்தது. இருந்தாலும் பிணத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? வேலையைத் தொடங்கினேன்.

கையால் செய்வதற்குக் குறுக்கு வழி இல்லை. கோட்டை அவள் உருவத்துக்குச் சற்று வெளியே தள்ளிப் போட்டேன், கலந்த ஓரமும் சேர்ந்து போகட்டும் என்று. விரல் நிழல்களைத் தனியாக எடுத்து, சேலை மடிப்பு ஓடும் திசையிலேயே அதே மடிப்பிலிருந்து நகல் வைத்து மூடினேன். காதுக்கு இன்னொரு பழைய படம் வாங்கினேன், நல்லவேளை அதே தோடு. கன்னத்துக்கு வலது கன்னத்தைத் திருப்பி வைத்தேன், அங்கிருந்த மச்சத்தை விட்டுவிட்டு. ஆனால் அது வெயில் பட்ட கன்னம், இது நிழல் கன்னம். அதனால் தோலின் சுருக்கத்தையும் துவாரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தைத் தனி அடுக்கில் கீழே பூசினேன். தாடைக்கோட்டைக் கூர்மையாகப் புதிதாக வரைந்தேன். கடைசியில் படம் முழுவதும் இருந்த பொடிப்புள்ளிகளை ஒட்டுப்போட்ட இடத்திலும் தூவினேன். அதைச் செய்யாவிட்டால் அந்த இடம் மட்டும் மெழுகாகத் தெரியும்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

எல்லாம் முடிந்தும் ஒன்று பாக்கி. தாடைக்குக் கீழும் கன்னத்திலும் ஒரு சிவப்பு மினுக்கம். அவள் சேலையில் பட்டுத் தெறித்த வெயில். ஆளை எடுத்துவிட்டால் அவள் வீசிய நிறத்தையும் எடுப்பதுதான் முறை. அந்தச் சிவப்பை மட்டும் மட்டுப்படுத்தி அவரைக் கூப்பிட்டேன்.

பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“என்னம்மா இது, அம்மா செத்துப்போன மாதிரி இருக்காங்களே!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. அம்மா நெடுநாள் டயாலிசிஸில் இருந்தவராம். அந்தச் சிவப்பு போனதும் முகத்தில் சாம்பல்தான் மிஞ்சியது.

“முன்ன ஒரு களை இருந்துச்சே, அதை எடுத்துட்டீங்களா?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “அது அம்மாவோட கலர் இல்ல அண்ணே. பக்கத்துல இருந்தவங்க சேலையோட கலர்.”

அவர் திரைக்குக் கிட்டே வந்து அந்தத் தாடையை உற்றுப் பார்த்தார். கீழே பூக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. வேறு சிவப்பு பூசித் தரட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.

“அதையே திரும்பப் போடுங்க,” என்றார்.

ஃபிரேம் போட நேரமாகும், நீங்கள் போங்கள், நானே கொண்டுவருகிறேன் என்று அவரை அனுப்பினேன். டாக்சியில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பிடோக் போனேன். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊதுவத்திப் புகை. படத்தை வைத்து மாலை போட்டார்கள். “உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு,” என்று ஒரு பெரியம்மா அழுதார். யாரும் எதையும் கேட்கவில்லை. என் வேலை சுத்தம்.

பந்தலுக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்துத் தூணோரம் அவள் நின்றிருந்தாள். அந்த மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். யாரும் அவளிடம் பேசவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நீங்கதான் படம் செஞ்சீங்களாக்கா?”

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது, யார் சார்பில் கேட்பது என்று தெரியவில்லை.

“என்னை நல்லா அழிச்சிருக்கீங்க. நான் இருந்த தடமே இல்ல.” மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். “அக்கா, அந்தத் தாடையில… அது என் சேலைதானே?”

“ஆமாம்மா.”

“அது என் கல்யாணச் சேலைக்கா. வீட்ல யாரும் வரல. அம்மா மட்டும் டயாலிசிஸ் போறேன்னு அண்ணன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்தாங்க. செல்ஃபி எடுத்ததே நான்தான். அண்ணனுக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

அவருக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் போனில் அதை அவர் பார்த்தாயிற்று என்பதையும், அந்தச் சிவப்பைத் திரும்பப் போடச் சொன்னது யார் என்பதையும் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் உடலைத் தூக்கிவிட்டார்கள்.

மண்டாய் சுடுகாட்டுக்குப் போகும் பஸ்ஸில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏறினார்கள். அண்ணன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகத் தூணோரம் நின்றவளை அவர் பார்த்தார், நான் கண்ணால் கண்டேன். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். அவள் வெளியே நிற்க, கதவு மூடிக்கொண்டது.